பால் விலை மூணு ரூபா ஏறுச்சு, அப்புறம் பில்லுல ஏன் குறைஞ்சுது? ஒரு சங்கத் தலைவர் பேச்சும் அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கும்

வட சென்னையில மாதவரம், மணலி, விச்சூர் பக்கம் இன்னும் மாடு வெச்சிருக்கிற வீடுங்க நிறைய இருக்கு, அதுல பல பேர் ஆவினுக்கு பால் சேத்து அனுப்புற கூட்டுறவு சங்கத்துலதான் பால் ஊத்துறாங்க. அப்படி ஒரு சங்கத்தோட கூட்டத்துல 2024 கோடையில தலைவர் பேசினத பத்திதான் இது. கேள்வி ஒண்ணுதான். எல்லாரும் டிவியில பாத்தாங்க, பசும்பால் 38 ரூபான்னு. ஆனா கையில வர்ற பில்லுல லிட்டருக்கு 31, 32ன்னு நிக்குது. முன்னாடி 34க்கு மேல வந்துட்டு இருந்துச்சு. ஏறுச்சுன்னு சொல்லிட்டு எறக்கிட்டாங்களா, இல்ல நடுவுல யாராவது எடுக்கிறாங்களான்னு நேரடியாவே கேட்டாங்க.

தலைவர் மழுப்பல. சிலேட்டு போர்டு ஒண்ணு கொண்டாந்து வெக்கச் சொல்லி, கேள்வி கேட்ட அக்காவோட பால் கார்டையே வாங்கி, "உங்க பில்லையே எழுதிப் பாக்கலாமா அக்கா, பரவால்லையா?"ன்னு கேட்டுட்டு ஆரம்பிச்சார். நான் பாத்த வரைக்கும் இந்த விஷயத்த புரிய வைக்க அதைவிட நல்ல வழி இல்ல, அதனால அந்த வழியிலயே போறேன், அவர் சொன்னதுல அவசரமா தாண்டிப் போன எடத்துல கொஞ்சம் நின்னு விளக்கிடுறேன்.

மொதல்ல அந்த 38 எங்கருந்து வந்துச்சுன்னு பாக்கணும். 2019 ஆகஸ்ட்ல அரசு பசும்பால் கொள்முதல் விலைய 28லருந்து 32 ஆக்குச்சு, எருமைப் பால் 35லருந்து 41. அப்ப கடையில ஆவின் பாக்கெட் லிட்டருக்கு 6 ரூபா ஏறுச்சு. 2021 மே மாசம் பாக்கெட் விலைய 3 ரூபா குறைச்சாங்க, ஆனா நம்மகிட்ட வாங்குற விலைய குறைக்கல. 2022 நவம்பர்ல பசும்பால் 32லருந்து 35, எருமைப் பால் 41லருந்து 44 ஆச்சு, அதே நேரம் ஆரஞ்சு பாக்கெட் ஆவின் மாத கார்டு இல்லாதவங்களுக்கு 48லருந்து 60க்குப் போச்சு. இதெல்லாம் "கொள்முதல் விலை" மாறின கதை.

2023 டிசம்பர்ல நடந்தது வேற. மிக்ஜாம் புயல் வந்து மணலி, எண்ணூர் பக்கமெல்லாம் தண்ணி நின்ன ரெண்டு வாரத்துல, டிசம்பர் 18லருந்து லிட்டருக்கு 3 ரூபா கூட கிடைக்கும்னு வந்துச்சு. பேப்பர்ல 35, 38 ஆச்சு, 44, 47 ஆச்சுன்னு போட்டாங்க. ஆனா அது கொள்முதல் விலை இல்ல, ஊக்கத்தொகை. பாக்கெட் விலைய ஏத்தாம அரசு தன் கையிலருந்து கொடுக்கிற காசு. தலைவர் இதைத்தான் ரெண்டு மூணு தடவ திருப்பித் திருப்பிச் சொன்னார்: "மூணு ரூபா பாக்கெட்டுலருந்து வரல, கஜானாவுலருந்து வருது. அதனால ரெண்டும் ஒரே வரியில வராது. பாலுக்கு காசு ஒரு வரி, ஊக்கத்தொகை இன்னொரு வரி. சில சமயம் ஒரே நாள்ல கூட வராது." பால் உற்பத்தியாளர் சங்கங்கள் இந்த மூணு ரூபாவ கொள்முதல் விலையிலேயே சேத்துடுங்கன்னு கேக்கிறதுக்கு காரணமும் இதுதான். தனியா நிக்கிற காசு எப்ப வேணா தாமதமாகலாம், எப்ப வேணா நிக்கலாம். எனக்கும் அந்தக் கோரிக்கை நியாயமாத்தான் படுது.

சரி, ஊக்கத்தொகைய ஓரமா வெச்சிடுங்க. அப்பவும் அந்த அக்காவுக்கு 35 வந்திருக்கணுமே, ஏன் 31 சொச்சம்? இங்கதான் உண்மையான விஷயம் இருக்கு.

35ங்கிறது எல்லா பாலுக்கும் இல்ல, ஒரு குறிப்பிட்ட தரத்துல இருக்கிற பாலுக்கு. பால்ல ரெண்டு சரக்குக்குத்தான் விலை. ஒண்ணு கொழுப்பு, நாம ஃபேட்னு சொல்றது. இன்னொண்ணு எஸ்என்எஃப், அதாவது கொழுப்பையும் தண்ணியையும் எடுத்துட்டா மிச்சம் இருக்கிற புரதம், பால் சர்க்கரை, தாது உப்பு எல்லாம் சேந்தது. ஒரு லிட்டர் பால்ல முக்காலே அரைக்கால் பாகம் தண்ணிதான், அதுக்கு யாரும் காசு கொடுக்கிறதில்ல. சங்கங்ககிட்டருந்து பால் வாங்குற ஆவின் ஒன்றியம் சங்கத்துக்கு அனுப்புற சார்ட்ல ஃபேட் இவ்ளோ, எஸ்என்எஃப் இவ்ளோன்னா லிட்டருக்கு இவ்ளோன்னு கட்டம் கட்டமா இருக்கும். அந்த கட்டங்களுக்கு அடியில ஓடுறது கிலோ கணக்கு. கொழுப்பு கிலோ இவ்ளோ ரூபா, எஸ்என்எஃப் கிலோ இவ்ளோ ரூபா.

தலைவர் போர்டுல எழுதினது புரியறதுக்காக முழு எண்ணா எடுத்துக்கிட்ட கணக்கு, சார்ட்ல இருக்கிற அதே எண் இல்ல. கொழுப்பு கிலோ 350 ரூபா, எஸ்என்எஃப் கிலோ 230 ரூபான்னு வெச்சுக்கிட்டார். ஒரு லிட்டர் பால் எடை போட்டா சுமார் 1,030 கிராம் வரும், தண்ணியவிட பால் கொஞ்சம் கனம். நல்ல பால்னு 4.3 சதவீதம் ஃபேட், 8.2 சதவீதம் எஸ்என்எஃப் எடுத்துக்கிட்டா, 1,030 கிராம்ல கொழுப்பு 44.29 கிராம், அதுக்கு 15 ரூபா 50 பைசா. எஸ்என்எஃப் 84.46 கிராம், அதுக்கு 19 ரூபா 43 பைசா. ரெண்டும் சேந்தா 34.93, அதாவது 35. அறிவிப்புல வர்ற விலை இப்படித்தான் வருது.

அடுத்தது அக்காவோட ரெண்டு பில்லு. 2023 நவம்பர்ல அவங்க பால் 4.2 ஃபேட், 8.2 எஸ்என்எஃப். அதே கணக்குப்படி 34 ரூபா 57 பைசா. 2024 மே மாசம் அவங்க பால் 3.6 ஃபேட், 7.8 எஸ்என்எஃப். கொழுப்புக்கு 12.98, எஸ்என்எஃப்க்கு 18.48, மொத்தம் 31 ரூபா 46 பைசா. சார்ட் மாறல, கிலோ விலை மாறல, ஒரு பைசா யாரும் எறக்கல. ஆனா லிட்டருக்கு 3 ரூபா 11 பைசா காணாம போச்சு. அரசு கொடுத்த மூணு ரூபாவ சேத்தா 34.46. அப்படியும் நவம்பர விட 11 பைசா கம்மி.

ஒரு நாளைக்கு 8 லிட்டர் ஊத்துறாங்க, பத்து நாள் பில்லுக்கு 80 லிட்டர். நவம்பர்ல 2,765 ரூபா 60 பைசா. மே மாசம் 2,516 ரூபா 80 பைசா, ஊக்கத்தொகை 240 தனியா. அந்த 240 அந்த பத்து நாள் பட்டுவாடாவுல சேந்து வராததால அவங்க கண்ணுல பட்டது 2,516 மட்டும்தான். மூணு ரூபா ஏத்துறேன்னு சொல்லிட்டு மூணு ரூபா எறக்கிட்டாங்கன்னு தோணாம வேற என்ன தோணும்? அவங்க கோவத்துல தப்பே இல்ல, ரெண்டு வேற விஷயம் ஒரே நேரத்துல ஒரே அளவுல நடந்துடுச்சு, அவ்ளோதான்.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். ஃபேட் 0.6 குறைஞ்சதுக்கு போனது 2 ரூபா 16 பைசா, எஸ்என்எஃப் 0.4 குறைஞ்சதுக்கு போனது 95 பைசா. நம்ம ஆளுங்க ஃபேட்ட மட்டும் பாத்துட்டு எஸ்என்எஃப்ப விட்டுடறாங்க, ஆனா போன காசுல முக்காவாசி இல்லன்னாலும் கால்வாசிக்கு மேல அதுதான். டெய்ரிக்கு அது ஏன் முக்கியம்னா, பாக்கெட்ல எஸ்என்எஃப் குறையக்கூடாது. நீலப் பாக்கெட்டுக்கு 3 ஃபேட் இருந்தா போதும், ஆனா எஸ்என்எஃப் 8.5 வேணும். ஆரஞ்சுக்கு 6 ஃபேட், 9 எஸ்என்எஃப். நாம கொடுக்கிற பால் 7.8ல இருந்தா மிச்சத்த பால் பவுடர் கலந்துதான் சரி பண்ணணும், அந்த பவுடருக்கு காசு. அந்த காசுதான் சார்ட் வழியா நம்ம பில்லுல கழியுது.

ஏன் குறைஞ்சுது? தலைவர் அக்காகிட்ட மாட்ட பத்தி கேக்க ஆரம்பிச்சார், இந்த பகுதிதான் பேச்சுலயே எனக்கு ரொம்ப பிடிச்சுது, ஏன்னா இங்க வட சென்னையில மாடு வளக்கிறதோட கஷ்டம் அப்படியே வெளிய வந்துச்சு.

மொதல் காரணம், மாடே மாறிடுச்சு. நவம்பர்ல கறந்தது ஜெர்சி கலப்பு. அது பால் வத்திட்டதால பிப்ரவரியில கன்னு போட்ட ஒரு எச்எஃப், அதாவது ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன் கலப்பு மாட்ட வாங்கியிருக்காங்க. எச்எஃப் லிட்டர் அதிகமா கொடுக்கும், ஃபேட் கம்மியா கொடுக்கும். அதும் கன்னு போட்ட மொத ரெண்டு மூணு மாசம், பால் உச்சத்துல இருக்கிறப்ப, எந்த மாட்டுக்குமே ஃபேட் கீழதான் நிக்கும், போகப் போகத்தான் ஏறும். ஆக இந்த மாட்டுகிட்ட 4.3 எதிர்பாக்கவே முடியாது. நல்லா வெச்சுக்கிட்டா 4 பக்கம் வரலாம், அவ்ளோதான் அதோட எல்லை.

ரெண்டாவது, தீனி. மேய்ச்சல் நிலம்னு இங்க இப்ப என்ன இருக்கு? மணலியில கம்பெனி, விச்சூர்ல ஷெட்டு, மிச்சம் இருக்கிறது பிளாட்டு. 2011ல மாதவரம், மணலி எல்லாம் மாநகராட்சியோட சேந்ததுக்கப்புறம் ரோட்டுல மாட்ட விட்டாலே அபராதம். அதனால என்ன கிடைக்குதோ அத போடறாங்க. ஓட்டல்ல மிஞ்சின சோறு, புளிச்ச மாவு, காய்கறிக் கடையில ஒதுக்கின இலை தழை. வயிறு ரொம்பும், பாலும் வரும், ஆனா ஃபேட் வராது. மாட்டோட மொத வயித்துல வைக்கோல், புல்லு மாதிரி நார்த்தீனி நொதிச்சாத்தான் பால்ல கொழுப்பு சேரும். சோறும் மாவும் அதிகமா போனா உள்ள புளிப்பு ஏறி அந்த வேலையே கெட்டுப் போயிடும். அத எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு அவரே சொன்னார்: மாடு படுத்திருக்கிறப்ப பாருங்க, பாதி மாடு அசை போடலன்னா, சாணி கூழா தளதளன்னு நுரையோட விழுந்துதுன்னா, ஃபேட் குறைஞ்சே இருக்கும், டெஸ்டே பண்ண வேணாம். சோத்த ஒரேயடியா நிறுத்த சொல்லல அவர். மொதல்ல வைக்கோல் இல்லன்னா பசும்புல்ல போட்டு, அது தின்ன பிறகு சோறு கொஞ்சமா, பிரிச்சு ரெண்டு மூணு வேளையா போடுங்கன்னார். கோ-4, கோ-5 புல்லு கரணை ரெட்ஹில்ஸ் தாண்டி பொன்னேரி பக்கம் போட்டிருக்கிறவங்ககிட்ட இருந்து சேந்து வாங்கினா வண்டி வாடகை பிரிஞ்சிடும்னும் சொன்னார்.

எஸ்என்எஃப் குறையறதுக்கு காரணம் பெரும்பாலும் பட்டினி. வயிறு ரொம்பியிருந்தாலும் சத்து பத்தலன்னா பட்டினிதான். மே மாச வெயில்ல மாடு வாயத் தொறந்து மூச்சு வாங்கும், தின்னவே தின்னாது. அதனால பெரிய தீனிய விடியக் காலையிலயும் ராத்திரியிலயும் மாத்தணும், தண்ணி எந்நேரமும் இருக்கணும். மடிநோய் லேசா இருந்தாலும் எஸ்என்எஃப் விழும், வெளிய வீக்கமே தெரியாது. மொத ரெண்டு பீச்ச கறுப்பு துணியிலயோ தட்டுலயோ விட்டு திரி திரியா இருக்கான்னு தினமும் பாத்தா சீக்கிரமே பிடிச்சிடலாம்.

மூணாவது காரணத்த சொன்னப்ப கூட்டமே அமைதியாயிடுச்சு. "கன்னுக்கு எப்ப விடுறீங்க அக்கா?"ன்னு கேட்டார். கறந்து முடிச்சிட்டு கடைசியில விட்டுடறேன், மிச்சத்த அது குடிச்சுக்கும்னு அவங்க சொன்னாங்க. இங்கதான் காசு போகுது. ஒரே கறவையில மொதல்ல வர்ற பால்ல ஃபேட் ஒண்ணு, ஒண்ணரைதான் இருக்கும். கடைசியா மடிய ஒட்டக் கறக்கிற பால்ல ஏழு, எட்டு வரைக்கும் போகும். அந்த கடைசி அரை லிட்டர கன்னுக்கு விட்டுட்டா, சங்கத்துக்கு வர்றது எல்லாம் இளம்பால். கன்னு பட்டினி கிடக்க வேணாம், ஒரு காம்ப அதுக்குன்னே ஒதுக்கிடலாம், இல்லன்னா மொதல்ல குடிக்க விட்டுட்டு அப்புறம் முழுசா கறக்கலாம். மொதல்ல குடிக்க விட்டா அளவு அதேதான் போகுது, எந்தப் பால் போகுதுங்கிறதுதான் வித்தியாசம்.

இத்தனையும் சொன்னப்பவும் ஒரு தம்பி எழுந்து, எல்லாம் சரிண்ணா, ஆனா டெஸ்ட் சரியா போடறாங்களா, அதுக்கு யார் பொறுப்புன்னு கேட்டார். தலைவர் இதுக்கும் நேரா பதில் சொன்னார், அத நான் மதிக்கிறேன். டெஸ்ட்ல தப்பு வரும், வர்ற எடம் ரெண்டு மூணுதான்.

ஒண்ணு, சாம்பிள் எடுக்கிறது. பால் கொஞ்ச நேரம் நின்னாலே கொழுப்பு மேல வந்துடும். கலக்காம மேலருந்து மொண்டா ஃபேட் கூட காட்டும், அடியிலருந்து எடுத்தா கம்மியா காட்டும். கேன கலக்கிட்டுத்தான் எடுக்கணும், நீங்க பக்கத்துல நின்னு கலக்கச் சொல்லலாம், அது உங்க உரிமை. ரெண்டு, லாக்டோமீட்டர். அது பாலோட கனத்தத்தான் காட்டும், கூடவே ஃபேட்டையும் வெச்சு எஸ்என்எஃப் கணக்கு பண்றாங்க. சூடான பால் இளகி கனம் குறையும், லாக்டோமீட்டர் கீழ எறங்கும், ரீடிங் கம்மியா காட்டும். அதனால அந்த கருவிய எந்த வெப்பத்துக்கு அடிச்சிருக்காங்களோ அதுக்கு மேல இருந்தா ஒவ்வொரு டிகிரிக்கும் ரீடிங்க கொஞ்சம் கூட்டணும். மே மாசம் கறந்த சூட்டோட நுரையோட கொண்டாந்து போட்டா, நுரையில இருக்கிற காத்தும் சேந்து இன்னும் எறக்கும். லாக்டோமீட்டர்ல ஒரு டிகிரி தப்பா படிச்சா எஸ்என்எஃப்ல கால் பாயிண்ட் போகும், நம்ம போர்டு கணக்குல அது லிட்டருக்கு 59 பைசா. அக்காவுக்கு எஸ்என்எஃப்ல போன 95 பைசாவுல பாதிக்கு மேல! அதனால நுரை அடங்கட்டும், வெப்பமானி போடட்டும், அப்புறம் படிக்கட்டும். மெஷின்ல போட்டாலும் கதை இதுதான், தினமும் கழுவாத மெஷினும், புளிக்க ஆரம்பிச்ச பாலும் தப்பான எண்ணத்தான் கொடுக்கும்.

ஆனா டெஸ்ட வேணும்னே கூட்டிப் போட முடியுமா? முடியாது. ஏன்னா சங்கம் எல்லார் பாலையும் சேத்து அனுப்புது, ஒன்றியம் அந்த மொத்தப் பாலுல திரும்ப டெஸ்ட் பண்ணி சங்கத்துக்கு காசு கொடுக்குது. இங்க எல்லாருக்கும் 4.2ன்னு எழுதிட்டு அங்க 3.8 வந்துச்சுன்னா வித்தியாசம் சங்கத்து தலையில விழும். சங்கத்துக்கு தனியா பெட்டி பணம்னு எதுவும் இல்ல, லிட்டருக்கு கிடைக்கிற சின்ன மார்ஜினும் உள்ளூர்ல விக்கிற பாலும்தான் வருமானம். அதுலதான் செயலாளர் சம்பளம், கரண்டு பில்லு, வருஷக் கடைசியில போனஸ் எல்லாம். கூட்டி எழுதினா போனஸ் இல்லாம போகும், யார் காசு யாருக்கு போச்சுன்னும் தெரியாது. நல்ல பால் கொடுக்கிறவங்க காசுலருந்துதான் அது போயிருக்கும்.

தனியார் வண்டிக்காரர் ஃபேட் எதுவும் பாக்காம ஒரே ரேட்டு கொடுக்கிறாரேன்னும் கேள்வி வந்துச்சு. கொடுக்கிறாங்க, பொய் இல்ல. 2023 ஆரம்பத்துல தனியார் நல்ல விலை கொடுத்ததால ஆவினுக்கு வர்ற பாலே குறைஞ்சுது. ஆனா பவுடரும் வெண்ணெயும் விலை விழுந்தா அவங்க வாங்குற விலையும் விழும், பால் பெருகுற மாசத்துல சில வண்டி வரவே வராது. ஃபேட் கம்மியா இருக்கிற எச்எஃப் மாடு வெச்சிருக்கிறவங்களுக்கு வெயில் மாசத்துல ஒரே ரேட்டு லாபமா இருக்கும்ங்கிறத தலைவர் மறுக்கல. பன்னெண்டு மாச பில்லையும் போனஸையும் சேத்து வெச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னு மட்டும் சொன்னார்.

கடைசியா அக்கா என்ன பண்ணா எவ்ளோ வரும்னு போர்டுல ஒரு வரி எழுதினார். கடைசிப் பால் சங்கத்துக்கு வந்து, நார்த்தீனி சேந்து, 4.0 ஃபேட், 8.1 எஸ்என்எஃப் வந்தா லிட்டருக்கு 33.61. ஊக்கத்தொகையோட 36.61. இப்ப வர்றத விட 2 ரூபா 15 பைசா கூட, பத்து நாளைக்கு 172 ரூபா. அதுல வைக்கோலுக்கும் புல்லுக்கும் கொஞ்சம் போயிடும். 38 வராது, இந்த மாட்டுகிட்ட வராது, அதையும் அக்கா மொகத்துக்கு நேராவே சொல்லிட்டார்.

கூட்டத்துல முடிவானது ரெண்டு. பில்லு சீட்டுல ஃபேட், எஸ்என்எஃப், பால் காசு, ஊக்கத்தொகை நாலும் தனித்தனியா எழுதணும், ஊக்கத்தொகை வரலன்னா "பாக்கி"ன்னு எந்த தேதி வரைக்கும்னு எழுதணும். ரெண்டாவது, யாருக்காவது சந்தேகம் வந்தா அதே சாம்பிள்ல இன்னொரு தடவ அவங்க முன்னாடியே டெஸ்ட் போடணும், ரெண்டு எண்ணும் கார்டுல ஏறணும். அக்கா எழுந்து, மே மாசத்து 240 எப்ப வரும்னு அதையும் இப்பவே எழுதிக் கொடுங்கன்னாங்க, செயலாளர் அங்கயே அவங்க கார்டுல பாக்கின்னு எழுதி கையெழுத்து போட்டார்.